போயா நாளில் நடந்த பாடம்

எங்கள் தலைமை ஆசிரியர் கோணாமலை எதையும் வாசிக்காமல் கையொப்பம் வைப்பவர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குணத்தை நம்பித்தான் எட்டு வருடம் உத்தியோகம் பார்த்தேன். வாரத்தின் முதல் நாள் காலையில் பாடக் குறிப்புப் புத்தகத்தை மேசையில் வைத்தால், பச்சை மையில் "பார்த்தேன்" என்று எழுதிக் கீழே ஒரு கோடு இழுப்பார். ஒருமுறை அவசரத்தில் பாடக் குறிப்புக்குப் பதிலாகக் கத்தரிக்காய், மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்று வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலை எழுதி வைத்துவிட்டேன். அதற்கும் "பார்த்தேன்" விழுந்தது.

அப்படிப்பட்ட மனிதர் 1972 ஆடி மாதக் கடைசியில் வந்த ஒரு கடிதத்தை மூன்று முறை வாசித்தார்.

எங்கள் பள்ளிக்கூடம் பழுகாமத்திலிருந்து இரண்டு மைல் கட்டை தள்ளி, வாவிக் கரையோரமாக இருந்தது. தலைமை ஆசிரியரோடு சேர்த்து மூன்று பேர் படிப்பித்தோம். நான் சிறில், புளியந்தீவுக்காரன், நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கு. கீழ் வகுப்புகளுக்கு அன்னப்பூரணி டீச்சர். கடிதம் பல்கலைக்கழகத்திலிருந்து, கல்விக் கந்தோர், அதாவது கல்வி அலுவலகத்தின் அனுமதியோடு வந்திருந்தது. மக்டலின் என்று ஓர் ஆசிரியை பட்டமேற்படிப்புக்காக ஆய்வு செய்கிறாராம். கிராமப் பள்ளிகளில் எதைப் படிப்பிக்கத் திட்டமிட்டார்கள், எது உண்மையில் நடந்தது என்பதை ஆவணங்களைக் கொண்டே பார்க்கப் போகிறாராம். 1968, 69, 70 ஆகிய மூன்று வருடத்துப் பாடக் குறிப்புகள், பிள்ளைகளின் வரவைக் குறிக்கும் இடாப்புகள், பள்ளியில் அன்றன்று நடந்ததை எழுதும் சம்பவத் திரட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஆவணி விடுமுறை முடிந்ததும் எடுத்து வைக்கும்படி கேட்டிருந்தார்.

"பழைய பாடக் குறிப்பச் சும்மா வாசிக்க ஆராவது இவ்வளவு தூரம் வருவாங்களா, மனே?" என்றார் தலைமை ஆசிரியர். "இது துப்புப் பார்க்கிற வேலை."

மார்கழியில் அவருக்கு ஓய்வு. முப்பத்து நாலு வருடச் சேவை கடைசி நாலு மாதத்தில் கவிழ்ந்துவிடும் என்று அவர் பயந்தார். எனக்கு வேறு பயம். அந்த மூன்று வருடத்துக்கும் என்னிடம் ஒரே ஒரு பாடக் குறிப்புப் புத்தகம்தான் இருந்தது. ஆண்டு பிறந்தால் அட்டையை மாற்றுவேன், உள்ளே மாற்ற மாட்டேன். தலைமை ஆசிரியரிடம் அதுவும் இல்லை.

அன்னப்பூரணி டீச்சரிடம் மட்டும் மூன்று வருடத்துக்கும் புத்தகங்கள் இருந்தன. அதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி. அந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்க்க முடியாது. வெட்டல், அடித்தல், மை கொட்டிய இடம், ஓரத்தில் பென்சில் கிறுக்கல். ஆனி மாதம் வந்த வட்டாரக் கல்வி அதிகாரி அவருடைய குறிப்பைப் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுழித்துவிட்டுப் போனார். தலைமை ஆசிரியர் அந்தச் சூட்டோடு, பாடக் குறிப்பு ஒழுங்கில்லை, ஆகவே இடமாற்றம் சிபாரிசு என்று எழுதி அனுப்பிவிட்டார். போக வேண்டிய இடம் வெகு தூரம், ஓட்டமாவடிக்கும் அப்பால். ஐப்பசியில் அதிகாரி வந்து விசாரித்து முடிவு சொல்வார். டீச்சருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவர் சீனித்தம்பிக்குக் காலடியில் வயல் வட்டை, வேளாண்மை. இடமாற்றம் வந்தால் டீச்சர் வேலையை விட வேண்டியதுதான். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

விடுமுறையில் உட்கார்ந்து குறிப்புகளைப் புதிதாக அழகாக எழுதித் தரும்படி தலைமை ஆசிரியர் டீச்சரையும் கேட்டார்.

"நான் எழுதினதத்தானே சேர் நான் படிப்பிச்சன்? மாத்தி எழுதினா அது ஆர் படிப்பிச்சது?" என்று கேட்டுவிட்டு டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே டீச்சரின் புத்தகங்கள் மறைய வேண்டும் என்று முடிவானது. மறைத்தவன் நான். வகுப்பறை மூலையில் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மாப் பீப்பாய்கள் இரண்டு இருந்தன. காலியான ஒன்றின் அடியில் மூன்று புத்தகங்களையும் போட்டு மூடினேன். டீச்சர் கேட்டால் கந்தோருக்குப் போய்விட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. கேட்டார், சொன்னேன். அவர் நம்பினார் என்பதுதான் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

பிறகு எழுத்து வேலை. என் கையெழுத்து நல்ல கையெழுத்து என்று ஊரே சொல்லும், கலியாணப் பத்திரிகைக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று வருடக் குறிப்புகளைப் பதினெட்டு நாளில் எழுதினேன். என்னுடையதை நேராகவும் தலைமை ஆசிரியருடையதை இடப்பக்கம் சாய்த்தும் எழுதினேன். நோக்கம், முறை, உபகரணம், மதிப்பீடு என்று ஒவ்வொரு நாளுக்கும் நான்கு தலைப்பு. என் பிள்ளைகள் அந்தக் குறிப்புகளில் காந்தங்களோடும் பூகோள உருண்டைகளோடும் விளையாடினார்கள். எங்கள் பள்ளியில் இருந்த ஒரே உபகரணம் கிழிந்த இலங்கைப் படம், அதிலும் மட்டக்களப்பு இருந்த இடத்தில் ஓட்டை.

தலைமை ஆசிரியர் ஒரே இருப்பில் நூற்றுச் சொச்சம் கையொப்பம் வைத்தார். பச்சை மைப் போத்தல் ஒன்று முழுதாக முடிந்தது. இம்முறையும் ஒரு வரி வாசிக்கவில்லை.

புத்தகங்கள் புதுசாய்ப் பளபளத்தன. பழசாக்க வேண்டும் என்றார். தேயிலைச் சாயத்தில் தோய்த்தோம், மை கரையாமல் இருக்க ஓரங்களை மட்டும். காயப்போட இடம் தேடி, கரையில் கருவாடு காயவைக்கும் பாயில் விரித்தோம். 1969 இரண்டாம் தவணைக் குறிப்பை ஓர் ஆடு தின்றது. அதை மறுபடி எழுதினேன். ஆடு தின்றது எனக்கு ஓர் எச்சரிக்கை என்று அப்போது தோன்றவில்லை, கோபம்தான் வந்தது.

புரட்டாதியில் மக்டலின் வந்தார். முப்பது வயது இருக்கும், மெலிந்த உருவம், கையில் ஒரு பெட்டி நிறையக் கோடு போட்ட தாள்கள். பின்னாலேயே பள்ளிக்கூடத்துப் பூனையும் வந்தது. பூனை அவருக்காக வரவில்லை. மேசையில் அடுக்கியிருந்த 1969-இன் மேல் ஏறிப் படுத்து அட்டையை நக்கத் தொடங்கியது. மக்டலின் புத்தகத்தை எடுத்து மோந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, குறிப்புத் தாளில் ஏதோ எழுதினார். தலைமை ஆசிரியருக்கு வியர்த்தது.

நான் ஒத்தாசைக்கு என்று பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டேன், உண்மையில் காவலுக்கு. அதனால் அவர் வேலை செய்யும் விதத்தை முழுதாகப் பார்த்தேன். மூன்று வருடத்தையும் வரிக்கு வரி வாசிக்க முடியாது என்று, மாதத்துக்கு ஒரு வாரம் எடுத்தார். எந்த வாரம் என்பதைத் தன் இஷ்டத்துக்கு எடுக்காமல் சீட்டுக் குலுக்கினார். நல்ல வாரமாகப் பொறுக்கினால் நல்ல பள்ளிக்கூடம்தானே வரும் என்றார். ஒவ்வொரு குறிப்பிலும் பிள்ளை என்ன செய்தது, ஆசிரியர் என்ன செய்தார், கேள்வி இருந்ததா, உபகரணம் இருந்ததா என்று முன்கூட்டியே வகுத்த கட்டங்களில் புள்ளடி போட்டார். மூன்றாம் நாள் அதே பக்கங்களில் சிலவற்றைப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி புள்ளடி போட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்தார். நான் என் வாழ்நாளில் ஒரு வேலையையும் ஒரு தடவைக்கு மேல் செய்ததில்லை. அந்த ஆடு தின்ற தவணையைத் தவிர.

இதெல்லாம் இரண்டாவது வேலைதான். முதல் வேலை என்ன என்றால், ஒரு தாள் கையில் வந்ததும் அதை நம்புவதா என்று பார்ப்பது. யார் எழுதியது, எப்போது, யார் வாசிக்க என்று எழுதியது, இதைப் பற்றி வேறு புத்தகம் என்ன சொல்கிறது. அதற்குத்தான் வரவு இடாப்பையும் சம்பவத் திரட்டையும் கேட்டிருந்தார். அவற்றை நாங்கள் தொடவில்லை. அவை அன்றன்றைக்கு எழுதப்பட்டவை, ஆகவே சரியாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

நான்காம் நாள் காலை அவர் என் 1969 பாடக் குறிப்பை இடப்பக்கமும் வரவு இடாப்பை வலப்பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், இந்தச் செவ்வாய்க்கிழமை நீங்க மகாவலி கங்கை படிப்பிச்சிரிக்கிறீங்க. முப்பத்திரண்டு பிள்ளையளும் படம் கீறினதா எழுதியிரிக்கு. இடாப்பில அண்டைக்குச் சிவப்பு மையில போயா எண்டு கிடக்கு."

அந்த வருடங்களில் அரசாங்கம் சனி ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் பௌத்தர்களின் விரத நாட்களான போயா நாட்களை விடுமுறையாக்கியிருந்தது. நிலவுக்குத் தக்கபடி விடுமுறை ஒரு வாரம் செவ்வாயில் வரும், அடுத்து புதனில் வரும், ஊர்ந்துகொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் நடக்கும். எழுபத்தொன்றில்தான் பழையபடி சனி ஞாயிறு திரும்பியது. நானோ எழுபத்திரண்டு ஆவணியில் உட்கார்ந்து, மூன்று வருடத்தையும் திங்கள் முதல் வெள்ளி வரை என்று ஒரே சீராக எழுதித் தள்ளியிருந்தேன்.

வேறு யாராவது மறந்திருந்தால் மன்னிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முடியவில்லை, என் ஆத்துமம் நரகத்துக்குத்தான் போகும் என்று அந்த ஐந்தரை வருடமும் புலம்பிப் புலம்பி எல்லோருடைய காதையும் தின்றவன் நான்.

"அது விசேஷ வகுப்பு," என்றேன்.

"நல்லம். அப்ப ஞாயிற்றுக்கிழமை வரவு இருபத்தொன்பது. குறிப்பு ஒண்டும் இல்ல. அந்த இருபத்தொன்பது பேரும் என்ன செஞ்சாங்க?"

"விளையாடினாங்க."

"மூண்டு வருஷமும் எல்லா ஞாயிறும்?"

பூனையைப் பார்த்தேன். அது 1970-ஐ நக்கிக்கொண்டிருந்தது.

மக்டலின் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பேனையை மூடி வைத்தார்.

"இது பொய்யான ஆவணம் எண்டு தூக்கி எறியிறதில்ல மாஸ்டர். இது அறுபத்தொன்பதப் பத்தி ஒண்டும் சொல்லாது. ஆனா ஒரு அதிகாரி எதைப் பாத்தாச் சந்தோஷப்படுவார் எண்டு நீங்க இப்ப நினைக்கிறீங்களோ, அத அச்சொட்டாச் சொல்லுது. எனக்கு வேண்டியது மத்தது, அறுபத்தொன்பதில நடந்தது. அது இல்லாட்டி இந்தப் பள்ளிக்கூடத்த நான் ஆய்விலயிரிந்து எடுத்துவிடோணும்."

என் அழகான கையெழுத்தைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த வகுப்பில் அன்னப்பூரணி டீச்சர் புளியங்கொட்டைகளை வைத்துப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பால்மாப் பீப்பாய்க்குள் தலையை விட்டேன். மூன்று புத்தகங்களோடு வெளியே வந்தபோது என் தலைமயிரும் மீசையும் வெள்ளை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னைப் பார்த்து அழத் தொடங்கியது.

மக்டலின் அந்தப் புத்தகங்களையும் உடனே நம்பிவிடவில்லை. அதே சோதனைதான். போயா நாட்களில் குறிப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது, இடாப்போடு ஒத்துவந்தது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் "திட்டம்", மறுபக்கம் "நடந்தது" என்று டீச்சர் எழுதியிருந்தார். ஓர் இடத்தில் மக்டலினின் விரல் நின்றது. வந்து நான்கு நாளாக ஒருமுறையும் சிரிக்காத மனிசி, சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

திட்டம்: கழித்தல், கடன் வாங்கும் முறை. நடந்தது: கடன் வாங்கத் தெரியவில்லை. எனது பிழை, அவசரப்பட்டேன். எருமைக் கன்று ஒன்று உள்ளே வந்தது. அதன் கால்களை எண்ணினோம். பிறகு பிள்ளைகளின் கால்களையும் கூட்டினோம். கூட்டல் நன்றாக வருகிறது. கழித்தல் நாளை மறுபடி.

உடனே சம்பவத் திரட்டை எடுத்து அதே தேதியைத் தேடினார். தலைமை ஆசிரியரின் பச்சை மையில் இருந்தது: எருமைக் கன்று பாடசாலைக்குள் புகுந்து கதிரை ஒன்றை உடைத்தது, உரிமையாளருக்கு எச்சரிக்கை செய்யப்பட்டது. இரண்டு பேர், இரண்டு புத்தகம், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை, ஒரே கன்று. இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று என்னிடமே கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் முழுதும் டீச்சரின் கிறுக்கல்களுக்குள்ளேயே இருந்தார். புறப்படும்போது டீச்சரின் கையைப் பிடித்து, எட்டுப் பள்ளிக்கூடம் பார்த்தேன், என்ன நடந்தது என்று எழுதி வைத்த ஒரே ஆள் நீங்கள்தான் என்றார். டீச்சர் என் பக்கம் திரும்பி, கந்தோரிலிருந்து புத்தகங்கள் சீக்கிரம் வந்துவிட்டதே மாஸ்டர் என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளுக்கு முன் பால்மா அப்பியிருந்த என் மீசையில் அவர் பார்வை இருந்தது.

மக்டலினை பஸ்ஸுக்கு விடப் போனபோது கெஞ்சிப் பார்த்தேன். டீச்சரின் குறிப்பு எவ்வளவு திறம் என்று அதிகாரிக்கு இரண்டு வரி எழுதினால் இடமாற்றம் நின்றுவிடும் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். பள்ளிக்கூடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் புத்தகங்களைத் திறந்தாராம். ஆய்வில் நாங்கள் வெறும் "பாடசாலை ஆ". அந்த வாக்கை டீச்சருக்காக முறித்தால், எனக்கு எதிராகவும் முறிக்க வேண்டி வரும் என்றார்.

"நீங்க எழுதலாமே, மாஸ்டர்," என்றார் பஸ்ஸில் ஏறும்போது. "உங்களுக்கு நல்ல கையெழுத்து."

எழுதினேன். தலைமை ஆசிரியரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, அதைத் திறந்து சொல்லிவிடுகிறேன். அதனால் அடுத்த வாரப் பாடக் குறிப்பில் எழுதினேன். நோக்கம்: உண்மை சொல்லல். முறை: 1968 முதல் 1970 வரையான எனது குறிப்புகளும் தலைமை ஆசிரியரின் குறிப்புகளும் சென்ற ஆவணியில் என்னால் எழுதப்பட்டவை. உபகரணம்: தேயிலைச் சாயம், கருவாட்டுப் பாய். மதிப்பீடு: மூன்று வருடத்துக்கும் உண்மையான குறிப்பு வைத்திருப்பவர் அன்னப்பூரணி டீச்சர் ஒருவரே.

திங்கட்கிழமை காலை மேசையில் வைத்தேன். "பார்த்தேன்" என்று எழுதிக் கோடு இழுத்தார்.

ஐப்பசியில் அதிகாரி வந்தார். அன்னப்பூரணி டீச்சர் முந்தானையைக் கையில் சுற்றியபடி நின்றார். அதிகாரி, பாடக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று இந்த டீச்சருக்குக் காட்ட நல்லதாக ஒன்று கொண்டு வாருங்கள் என்றார். தலைமை ஆசிரியர் பெருமையோடு என்னைப் பார்த்தார். என் மேசையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று 1969, அழகானது, இலேசாகக் கருவாட்டு வாசம். மற்றது இந்த வருடத்தது. கை 1969-க்குத்தான் முதலில் போனது. டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார், கந்தோரிலிருந்து புத்தகம் வந்ததைப் பற்றிச் சொன்ன அன்று பார்த்த மாதிரியே. இந்த வருடத்ததை எடுத்துக் கொடுத்தேன், திறந்த பக்கத்தோடு.

அதிகாரி வாசித்தார். பிறகு மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில உங்கட கையொப்பம் இரிக்கே, மிஸ்டர் கோணாமலை. நீங்க இதப் பார்த்தீங்களா?"

"ஓம் சேர்," என்றார் தலைமை ஆசிரியர். "நான் எல்லாத்தையும் பாக்கிறனான்."

அதற்கு மேல் அந்த அறையில் நடந்ததை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதவில்லை. தலைமை ஆசிரியர் மார்கழியில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார், முப்பத்து நாலு வருடத்தை அதிகாரி மதித்தார். அதிகாரி அன்றைக்கே டீச்சரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எருமைக் கன்று வரை வாசித்துவிட்டுத்தான் போனார். டைப் அடித்துத் தயாராக இருந்த இடமாற்றக் கடிதத்தைக் கந்தோர் வீணாக்கவில்லை. அதில் அன்னப்பூரணி என்ற பெயரை வெட்டி, மேலே சிறில் என்று எழுதினார்கள்.

இப்போது ஓட்டமாவடிக்கும் அப்பால் இருந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே தலைமை ஆசிரியை ஸைனம்பு டீச்சர். ஒவ்வொரு வரியையும் வாசிக்கிறார், ஓரத்தில் கேள்வி கேட்கிறார். என் புத்தகம் முழுக்க வெட்டலும் அடித்தலுமாய்க் கிடக்கிறது, பார்க்கச் சகிக்காது. போன வாரம் அன்னப்பூரணி டீச்சர் கடிதம் போட்டிருந்தார். பால்மாப் பீப்பாய்க்குப் பூட்டுப் போட்டாராம். அந்தக் கன்று எப்போதோ முழு எருமையாகிவிட்டதாம், வாசலால் நுழைய முடியவில்லையாம், தலையை மட்டும் உள்ளே விட்டுப் பாடம் கேட்கிறதாம். கழித்தல் எல்லோருக்கும் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் கீழே, பச்சை மையில் "பார்த்தேன்" என்று எழுதி, ஒரு கோடு இழுத்து, மடித்து வைத்திருக்கிறேன். எழுதுமுன் இரண்டு தரம் வாசித்தேன்.